மென்பொருள் விற்க பார்ட்னர் திட்டம்: மார்ஜின், பயிற்சி, லீட் யாருடையது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்குகள் எல்லாம் ஒரே உதாரணத்தை வைத்துப் போனால் புரிந்துகொள்வது சுலபம். கோயம்புத்தூரில் ஒரு சின்ன நிறுவனம், பில்லிங்கும் ஸ்டாக்கும் பார்க்கிற மென்பொருள் ஒன்றை விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். லைசென்ஸ் விலை 18,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இரண்டாம் வருடத்திலிருந்து ரினியூவல் 6,000. திருப்பூர், ஈரோடு, கரூர், சேலம் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்களும் கணக்கு எழுதித் தருபவர்களும் பார்ட்னர்களாக விற்கிறார்கள். பெரிய இஆர்பி விற்பவர்களுக்குத் தொகைகள் மாறும், அடிப்படை பெரிதாக மாறாது.

30 சதவீதம் கொடுத்தும் பத்தலைன்னு பார்ட்னர்கள் சொல்றாங்க. ஏத்தணுமா?

ஏற்றுவதற்கு முன் அந்த 30 எங்கே போகிறது என்று பாருங்கள். 18,000-இல் 30 சதவீதம் 5,400 ரூபாய். கடைக்காரர் கணக்குப்படி, ஒரு பையனுக்குச் சம்பளம் 20,000, பெட்ரோல் செலவு 5,000, மாதம் 25 வேலை நாள் என்றால் ஒரு நாள் செலவு 1,000. மூன்று டெமோ கொடுத்தால் ஒன்று விற்கும், ஒரு டெமோவுக்கு அரை நாள் போகும், ஆக விற்பனைக்கு முன்பே 1,500. இன்ஸ்டால் செய்து பழைய கணக்கை ஏற்ற ஒரு நாள், கடை ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு அரை நாள், முதல் மூன்று மாதம் போனிலும் நேரிலும் ஓடுவதற்கு மொத்தமாக ஒரு நாள். எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய்.

கையில் நிற்பது 900. இதுவும் வாடிக்கையாளர் பேரம் பேசாமல் இருந்தால்தான். 2,000 குறைத்துக் கேட்டு அதைக் கொடுத்துவிட்டால் 1,100 நஷ்டம்.

அந்த 2,000 ஏன் போனது என்பதைத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும் காரணம், உங்களுடைய இன்னொரு பார்ட்னர் அதே கடையில் நுழைந்து "நான் 16,000-க்கே தர்றேங்க" என்று சொன்னது. மார்ஜினை 35 ஆக ஏற்றினால் இரண்டு பேரிடமும் குறைக்க இன்னும் 900 ரூபாய் இருக்கும், அவ்வளவுதான் நடக்கும். நீங்கள் ஏற்றியது முழுக்க வாடிக்கையாளர் பைக்குப் போய்விடும். அதனால் முதலில் லீட் யாருடையது என்பதைத் தீர்மானியுங்கள், சதவீதத்தைப் பிறகு பேசலாம்.

இன்னொன்று, இன்ஸ்டாலேஷனுக்கும் பயிற்சிக்கும் பார்ட்னர் தன் பெயரிலேயே தனியாக, இந்த உதாரணத்தில் 5,000 ரூபாய், பில் போடட்டும். அதில் நீங்கள் பங்கு கேட்காதீர்கள். லைசென்ஸ் விலைக்குள்ளேயே இதையெல்லாம் திணித்து "எல்லாம் ஃப்ரீ" என்று விளம்பரம் செய்கிற நிறுவனங்களில்தான் பார்ட்னர்கள் இன்ஸ்டால் செய்துவிட்டுப் போனை எடுக்க மாட்டார்கள்.

சரி, லீடை எப்படிப் பதிவு பண்றது? பேரும் போன் நம்பரும் போதாதா?

போதாது. "ஸ்ரீ முருகன் டெக்ஸ்" என்ற பெயரில் திருப்பூரில் எத்தனை இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். போன் நம்பர் அப்பாவுடையது ஒன்று, மகனுடையது ஒன்று, கணக்கர் நம்பர் ஒன்று. ஒரே கடையை மூன்று பேர் மூன்று நம்பரில் பதிவு செய்திருப்பார்கள், யாரும் பொய் சொல்லவில்லை.

ஜிஎஸ்டி எண்ணைக் கட்டாயமாக்குங்கள். 15 எழுத்து, உதாரணத்துக்கு இப்படி இருக்கும்:

```
33ABCDE1234F1Z5
```

முதல் இரண்டு இலக்கம் மாநிலம், 33 என்றால் தமிழ்நாடு. மூன்றிலிருந்து பன்னிரண்டாவது எழுத்து வரை அந்த நிறுவனத்தின் பான். நீங்கள் ஒப்பிட வேண்டியது அந்தப் பத்து எழுத்தைத்தான். முழு எண்ணை ஒப்பிட்டால், பெங்களூரில் கிளை வைத்திருக்கும் அதே நிறுவனம் 29-இல் தொடங்கும் வேறு எண்ணோடு வந்து புது லீட் போலத் தெரியும். ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்னக் கடை என்றால் உரிமையாளர் போன் நம்பரும் கடை முகவரியும் போதும், ஆனால் அவர்கள் பதிவு எடுத்த அன்றே எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எண்ணை மட்டும் வைத்துப் பதிவை ஏற்கவும் கூடாது. ஜிஎஸ்டி எண் ஒவ்வொரு பில்லிலும் அச்சாகி இருக்கிறது, ஒரு மாலைப் பொழுதில் நூறு எண்களைத் தட்டிவிடலாம். யாரிடம் பேசினார், இப்போது என்ன மென்பொருள் ஓடுகிறது, எத்தனை கம்ப்யூட்டர், டெமோ தேதி ஆகிய நான்கையும் கேளுங்கள். டெமோ தேதி தாண்டி ஒரு வாரம் ஆகியும் டெமோ நடக்கவில்லை என்றால் பதிவு தானாக விழுந்துவிட வேண்டும். ஒரு பார்ட்னர் பெயரில் ஒரே நாளில் முப்பது பதிவு வந்து எல்லாவற்றிலும் "உரிமையாளரிடம் பேசினேன்" என்று மட்டும் இருந்தால் அது லீட் கிடையாது, துண்டு போட்டு இடம் பிடிப்பது.

குறைந்தபட்ச விலை வச்சு, அதுக்குக் கீழ விக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா முடிஞ்சுதே?

சொல்லத் தோன்றும், ஆனால் சொல்லாதீர்கள். தன் பணத்தில் உங்களிடம் வாங்கி விற்பவருக்கு விற்பனை விலையைக் கட்டுப்படுத்துவது போட்டிச் சட்டத்தில் சிக்கல் தரும் விஷயம். டீலர்கள் தள்ளுபடி தருவதைக் கட்டுப்படுத்தியதற்காக மாருதி சுசுகிக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உங்கள் அளவு நிறுவனத்தின் மேல் வழக்கு வராது என்றே வைத்துக்கொண்டாலும், யார் எந்த விலைக்கு விற்றார் என்று துப்புத் துலக்குவது வீண் வேலை. உள்ளுக்குள் வாட்ஸ்அப்பில் முடித்துக்கொள்வார்கள், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இதற்கு நேர்த்தியான வழி, மார்ஜினை இரண்டாக உடைப்பது. யார் விற்றாலும் 12 சதவீதம். அந்த லீடைப் பதிவு செய்து டெமோ கொடுத்தவருக்கு மட்டும் மேலும் 18 சதவீதம். ரூபாயில் 2,160-ம் 3,240-ம். இப்போது இரண்டாவதாக நுழைகிறவர் கையில் மொத்தமே 2,160 தான் இருக்கிறது, முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும் முதல் ஆள் அதே விலைக்கு இறங்கி வந்து 3,240 வைத்துக்கொள்வார். யாருக்கும் விலையை நீங்கள் சொல்லவில்லை, என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்கட்டும். அடுத்தவர் டெமோ கொடுத்த கடையில் போய் விலையைக் குறைப்பது லாபமில்லாத வேலையாகிவிடுகிறது.

பதிவு பில்லுக்கு முன்பே நடந்துவிடுவதால் 30 சதவீதத்தையும் பில்லிலேயே கழித்துவிடலாம். வருடக் கடைசியில் கிரெடிட் நோட் போட்டு, பார்ட்னர் ஐடிசியைத் திருப்பி, இரண்டு கணக்கர்கள் சண்டை போடுவதெல்லாம் வேண்டாம்.

அதிகம் வித்தா அதிக மார்ஜின்னு ஸ்லாப் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் ஆக்டிவேட் ஆன லைசென்ஸை எண்ணுங்கள், பில் போட்டதை எண்ணாதீர்கள். பில்லை எண்ணினால் மார்ச் கடைசி வாரத்தில் ஸ்லாப் எட்டுவதற்காக இருபது சாவி வாங்கிப் போட்டு, மே மாதம் அதை அடிமாட்டு விலைக்குத் தள்ளுவார்கள். பில் தேதிக்கும் ஆக்டிவேஷன் தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று மாதம் ஒருமுறை பார்த்தால் யார் ஸ்டாக் குவிக்கிறார் என்று தெரிந்துவிடும்.

பதிவு பண்ணின லீட் எத்தனை நாளைக்கு அவருடையது?

பொதுவாக 60 நாள், நடுவில் ஏதாவது வேலை நடந்ததற்கு அடையாளம் இருந்தால் இன்னும் 30. விலை 18,000 இருக்கும் பொருளுக்கு இதற்கு மேல் தேவையில்லை.

ஆனால் கணக்கு மென்பொருளில் ஒரு விசேஷம் உண்டு. ஜனவரியில் டெமோ பார்த்த பத்துப் பேரில் பாதிப் பேர் "ஏப்ரல் ஒண்ணுல இருந்து மாத்திக்கலாம்" என்பார்கள், புது நிதியாண்டு என்பதால். அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை, நிஜமாகவே அப்போதுதான் வாங்குவார்கள். ஜனவரி 10-இல் பதிவு செய்த லீடுக்கு 60 நாள் என்றால் மார்ச் 11-இல் காலாவதி. வேலை முழுதும் செய்தவரின் உரிமை, வாங்கப் போகிற நேரம் பார்த்து முடிகிறது. எப்போது காலாவதி என்று தெரிந்துகொண்டு மறுநாளே பதிவு செய்ய இன்னொருவர் காத்திருப்பார். அதனால் டிசம்பர் 15-க்குப் பிறகு வரும் பதிவுகளை ஏப்ரல் 30 வரை ஓடவிடுங்கள். பொருள் எதுவாக இருந்தாலும் உங்கள் வாடிக்கையாளர் எந்த மாதம் வாங்குவார் என்று பார்த்துத்தான் இந்த நாளை வைக்க வேண்டும்.

ரெண்டு பார்ட்னர் ஒரே வாடிக்கையாளருக்குச் சண்டை போட்டா எப்படித் தீர்க்கிறது?

ஒரு வழக்கை முழுசாகப் பார்ப்போம். திருப்பூர் பார்ட்னர் பிப்ரவரி 10-இல் ஒரு பனியன் கம்பெனியைப் பதிவு செய்கிறார், ஜிஎஸ்டி எண்ணோடு. 14-ஆம் தேதி முதலாளியின் மகனுக்கு டெமோ. அதே குடும்பத்துக்கு கோவையில் நூல் வியாபாரம் இருக்கிறது, தனி பார்ட்னர்ஷிப், தனி பான். அந்த நூல் கடையின் கம்ப்யூட்டர்களை வருடக்கணக்காகப் பார்த்துக்கொள்ளும் கோவை பார்ட்னர் மார்ச் 20-இல் இரண்டு நிறுவனத்துக்கும் சேர்த்து கொட்டேஷன் கொடுக்கிறார். திருப்பூர்க்காரர் கொதிக்கிறார். முதலாளியோ "எனக்கு ஒரே ஆள் போதும், கோவைக்காரரே பண்ணட்டும்" என்கிறார்.

பானைப் பார்த்தால் பாதி முடிந்துவிடும். நூல் கடை புது பான், பதிவே இல்லை, கோவை பார்ட்னர் இப்போது பதிவு செய்தால் அவருடையது. பனியன் கம்பெனி திருப்பூர்க்காரர் பதிவு, இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் யாரிடம் வாங்குவது என்று வாடிக்கையாளருக்கு நீங்கள் உத்தரவு போட முடியாது, போட்டால் அவர் வேறு மென்பொருளுக்கே போய்விடுவார்.

எனவே பனியன் கம்பெனியின் லைசென்ஸை கோவைக்காரரே 12 சதவீதத்தில் பில் போடட்டும். டெமோவுக்கான 3,240 திருப்பூர்க்காரருக்கு, அவர் அதை உங்கள் நிறுவனத்துக்குக் கமிஷன் பில்லாகப் போடுவார். இன்ஸ்டாலேஷன் கட்டணம் 5,000-மும் ரினியூவல் மார்ஜினும், வேலையைச் செய்யப் போகிற கோவைக்காரருக்கு. ஒவ்வொரு தொகையும் ஒரு வேலையோடு கட்டப்பட்டிருப்பதால் இரண்டு பேருக்கும் முணுமுணுப்பு இருக்கும், அநியாயம் என்று சொல்ல முடியாது.

முக்கியம், இதை இரண்டு நாளுக்குள் முடிக்க வேண்டும், முடிவை எழுத்தில் இருவருக்கும் ஒரே மெயிலில் அனுப்ப வேண்டும். எம்டியை நேரில் பார்த்துப் பேசினால் முடிவு மாறும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் யாரும் பதிவு செய்ய மாட்டார்கள், எம்டிக்குத்தான் போன் போடுவார்கள்.

எங்க சேல்ஸ் டீமும் நேரா விக்குது. பார்ட்னர்களோட மோதாதா?

நிச்சயம் மோதும், இரண்டு ஏற்பாடு இல்லையென்றால். ஒன்று, உங்கள் ஆட்களும் அதே பதிவேட்டில்தான் லீடைப் போட வேண்டும், பார்ட்னர் பதிவு செய்ததைத் தொடக்கூடாது. நேரடியாக வைத்துக்கொள்ளும் பெரிய வாடிக்கையாளர்கள் பட்டியலை வருடத் தொடக்கத்திலேயே பார்ட்னர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். லீட் வந்த பிறகு "அது எங்க அக்கவுண்ட்" என்று சொல்வதைப் போல நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை.

இரண்டு, அந்த ஏரியாவில் பார்ட்னர் விற்றாலும் உங்கள் சேல்ஸ் ஆளின் டார்கெட்டில் முழுசாக எண்ணுங்கள். நேரடியாக விற்றால்தான் இன்சென்டிவ் என்று வைத்துவிட்டு பார்ட்னரோடு ஒத்துழைக்கச் சொன்னால் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று கேட்கவே வேண்டாம்.

வெப்சைட்ல வர்ற விசாரணையை யாருக்குக் கொடுக்கிறது?

பின்கோடைப் பார்த்து அருகில் இருப்பவருக்கு, ஒரே ஊரில் இரண்டு பேர் என்றால் சுழற்சி முறையில். இரண்டு வேலை நாளுக்குள் பேசி என்ன நடந்தது என்று எழுதாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். நீங்கள் செலவு செய்து பிடித்த லீட் என்பதால் இதற்கு 30-க்குப் பதில் 20 சதவீதம் என்று வைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சிக்கு ரெண்டு நாள் போதுமா? என்ன சொல்லிக்கொடுக்கணும்?

மெனுவை வரிசையாகக் காட்டுவதாக இருந்தால் ஐந்து நாளும் போதாது. விற்கிற ஆளுக்கு மூன்று விஷயம் வந்தால் போதும், அதற்கு இரண்டு நாள் தாராளம்.

முதலாவது டெமோ. கடைக்காரரின் நேற்றைய பில் ஒன்றை வாங்கி அதையே மென்பொருளில் போட்டுக் காட்டப் பழக்குங்கள். உங்கள் மாதிரிக் கம்பெனியில் இருக்கும் "பொருள் 1, பொருள் 2" யாருக்கும் எதையும் விற்றதில்லை.

இரண்டாவது பழைய கணக்கை ஏற்றுவது. பெரும்பாலான இன்ஸ்டாலேஷன் இங்கேதான் சொதப்புகிறது. தேர்வுக்கு வேண்டுமென்றே குப்பையான எக்ஸெல் ஒன்றைக் கொடுங்கள்: நூல் கிலோவில், துணி சில வரியில் கிலோவும் சில வரியில் ரோலும், பனியன் டஜனும் பீஸும் கலந்து, ஒரே சரக்கு மூன்று எழுத்துப்பிழையோடு மூன்று பெயரில். அப்படியே இம்போர்ட் செய்கிறவர் தேறவில்லை. முதலில் உட்கார்ந்து யூனிட்டைச் சரிசெய்து, சந்தேகமானதைத் தனியாக எடுத்து வைத்து "இதைக் கடையில கேக்கணும்" என்கிறவர்தான் வேண்டும். கூடவே ஒரு பேக்கப்பைக் கொடுத்து வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்யச் சொல்லுங்கள். பேக்கப் எடுக்க எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவது, வாடிக்கையாளர் கேட்பதற்கு ஜிஎஸ்டி தெரிந்து பதில் சொல்வது. ஒரு மாதிரிக் கேள்வி: டர்னோவர் 12 கோடி உள்ள கம்பெனி, 40 நாளைக்கு முந்தைய பில்லுக்கு இப்போது இ-இன்வாய்ஸ் எடுக்க முடியவில்லை, "உங்க சாஃப்ட்வேர் வேலை செய்யல" என்று கத்துகிறார். டர்னோவர் 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஏற்றவில்லை என்றால் போர்ட்டலே மறுத்துவிடும். இது தெரியாத பையன் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்து பார்ப்பான், அரை நாள் போகும்.

தேதி வைக்கும்போது 10, 11, 18, 19, 20 ஆகியவற்றைத் தவிருங்கள். மாதா மாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதி, 3பி இருபதாம் தேதி. அன்று பார்ட்னர் ஆட்களை உங்கள் ஹாலில் உட்காரவைத்தால் எல்லார் போனும் அடித்துக்கொண்டே இருக்கும்.

பயிற்சி கொடுத்த பையன் ரெண்டு மாசத்துல வேலையை விட்டுட்டுப் போயிடுறானே?

சான்றிதழை ஆளின் பெயரில் கொடுங்கள், கடையின் பெயரில் வேண்டாம். சான்றிதழ் பெற்றவர் ஒருவராவது இருந்தால்தான் அந்த 18 சதவீதத்துக்குப் பதிவு செய்யலாம் என்று வைத்துவிட்டு, அவர் போனால் அடுத்தவரைத் தயார் செய்ய 45 நாள் அவகாசம் கொடுங்கள். அதுவரை பழைய பதிவுகள் ஓடட்டும். பையன் வேறு பார்ட்னரிடம் சேர்ந்தால் சான்றிதழ் அவனோடு போகும், அதைத் தடுக்க நினைக்காதீர்கள்.

பயிற்சி பலித்ததா என்பதைத் தேர்வு மதிப்பெண்ணில் தேடாமல், ஆக்டிவேட் ஆகி முதல் 90 நாளில் அந்த பார்ட்னரின் வாடிக்கையாளர்கள் நேரடியாக உங்கள் சப்போர்ட்டுக்கு எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்று எண்ணுங்கள். ஒருவரிடம் மட்டும் எண்ணிக்கை எகிறினால் அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள், பெரும்பாலும் பழைய கணக்கு ஏற்றியதில்தான் கோளாறு இருக்கும்.

ரினியூவல் பணத்துல பார்ட்னருக்கு ஏன் பங்கு? நாங்கதானே அப்டேட் தர்றோம்?

போனை எடுக்கிறவர் அவர். 6,000-இல் 20 சதவீதம் 1,200 ரூபாய். அறுபது வாடிக்கையாளர் சேர்ந்தால் வருடம் 72,000. அந்த வருமானம் இருப்பதால்தான் அவர் உங்களை விட்டுப் போட்டி நிறுவனத்துக்குத் தாவ மாட்டார்.

ரினியூவல் லிங்க்கை நீங்கள் நேரடியாக வாடிக்கையாளருக்கு அனுப்பினால் அதில் கட்டிய பணத்துக்கும் பார்ட்னர் பங்கு போக வேண்டும், அதுவும் அவர் கேட்காமலே. இல்லையென்றால் "கம்பெனி என் ஆளைத் தூக்கிருச்சு" என்ற பேச்சு ஒரே வாரத்தில் கரூர் வரை போய்விடும்.

வாடிக்கையாளர் பார்ட்னரை மாற்றக் கேட்டால் மாற்றுங்கள். பழையவருக்கு ஏழு நாள் கொடுங்கள், போய்ச் சமாதானம் செய்யட்டும். ஆனால் ரினியூவலுக்கு முந்தைய 30 நாளில் வரும் கோரிக்கையை அந்த ரினியூவல் முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் வருவது பெரும்பாலும் அடுத்த பார்ட்னர் 500 ரூபாய் குறைத்துச் சொன்னதால் வருவது.

பில்லை பார்ட்னர் போடணுமா, நாங்க போடணுமா?

ஜிஎஸ்டி பதிவு இருக்கும் கம்ப்யூட்டர் கடை என்றால் உங்களிடம் வாங்கி அவரே விற்கட்டும். பணத்தை முன்பே வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். 12,600-ம் ஜிஎஸ்டியும் சேர்த்து 14,868 ரூபாயைக் கடனாக விட்டுவிட்டு அதைக் கேட்டு நடப்பதற்கு இந்த வியாபாரத்தில் இடமில்லை. கணக்கு மட்டும் எழுதித் தரும், வருட வருமானம் 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி எடுக்காதவர் என்றால் நீங்களே பில் போட்டுக் கமிஷன் கொடுங்கள். கமிஷனுக்கு டிடிஎஸ் 2 சதவீதம் பிடிக்க வேண்டும். 2024 அக்டோபருக்கு முன் இது 5 ஆக இருந்தது, பழைய விகிதத்திலேயே பிடித்துக்கொண்டு பார்ட்னரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் கணக்கர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆடிட்டர்களை பார்ட்னரா சேர்க்கலாமா? அவங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்களே.

பிராக்டிஸில் இருக்கும் சிஏ வேறு தொழில் செய்ய ஐசிஏஐ அனுமதி வேண்டும், கமிஷன் விஷயத்திலும் அவர்களுடைய நடத்தை விதிகள் கறாரானவை. கமிஷன் பேச்சை எடுக்காமல், தன் கட்சிக்காரர்களின் கணக்கை அவர் இடத்திலிருந்தே பார்க்கிற ஆடிட்டர் லாகின் ஒன்றைச் செய்து கொடுங்கள். அவர் சிபாரிசு செய்தால் அந்த வசதிக்காகச் செய்வார்.

எத்தனை பார்ட்னரோட ஆரம்பிக்கிறது? சரிப்படாதவரை எப்படி அனுப்புறது?

ஊருக்கு ஒருவர், திருப்பூர் போன்ற இடத்தில் இரண்டு பேர், மொத்தம் ஆறேழு பேருக்கு மேல் முதல் வருடம் வேண்டாம். பதிவேட்டை நீங்களே தினமும் பார்க்க முடிகிற அளவு அதுதான்.

ஆறு மாதத்தில் ஆக்டிவேஷனும் இல்லை, டெமோவும் இல்லை என்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள். விற்றிருக்கிறார் ஆனால் போன் எடுப்பதில்லை என்றால் நிலைமை வேறு. ரினியூவல் மார்ஜினை முதலில் நிறுத்தி, 30 நாள் நோட்டீஸ் கொடுத்து, அவருடைய வாடிக்கையாளர் பட்டியலை அந்த ஊரின் அடுத்த பார்ட்னருக்கு மாற்றுங்கள். அந்தப் பட்டியல் உங்கள் சர்வரில் இருக்க வேண்டும், அவர் கடை நோட்டில் மட்டும் இருந்தால் மாற்ற முடியாது. ஆக்டிவேஷனின்போதே வாடிக்கையாளர் போன் நம்பருக்கு ஓடிபி அனுப்பி உறுதிசெய்யுங்கள், ஏனென்றால் பாதி பார்ட்னர்கள் அந்த இடத்தில் தங்கள் நம்பரைத்தான் போடுவார்கள்.